புள்ளி நகருது, ரோட்டைக் காணும்: டேட்டா இல்லாத நெடும்பயணத்துக்கு ஆஃப்லைன் மேப்

போன வருசம் பங்குனி உத்திரத்துக்கு முந்தின ராத்திரி. மணி பத்தரை இருக்கும், மச்சினன் போன் பண்ணினான். சென்னையிலிருந்து குடும்பத்தோடு காரில் வந்துகொண்டிருந்தான். நெல்லைச் சீமைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, எந்த ஊரில் பிழைத்தாலும் பங்குனி உத்திரத்துக்குக் குலசாமி சாஸ்தாவைத் தேடி வந்துவிட வேண்டும். எங்கள் சாஸ்தா அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஒரு குளத்தங்கரையில் இருக்கிறார்.

“அத்தான், மேப்புல புள்ளி மட்டும் நகருது, ரோட்டக் காணும்.”

“நெட் இருக்கா?”

“பிள்ளைய வீடியோ பாத்தே இன்னிக்கு உள்ள டேட்டாவத் தீத்துட்டுதுவ. ஆனா திருநெல்வேலி மேப்ப டவுன்லோடு பண்ணித்தான் வச்சிருக்கேன்.”

“பக்கத்துல போர்டுல என்ன ஊரு போட்டிருக்கு, பாரு.”

“டி.கல்லுப்பட்டி.”

எனக்குப் புரிந்துவிட்டது. மதுரையைத் தாண்டித் திருமங்கலத்தில் சாலை இரண்டாகப் பிரிகிறது. நேராகத் தெற்கே விருதுநகர், கோவில்பட்டி, கயத்தாறு வழியாகத் திருநெல்வேலிக்கு வருவது தேசிய நெடுஞ்சாலை 44. தென்மேற்கே திரும்பி டி.கல்லுப்பட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை என்று கொல்லத்துக்குப் போவது 744. இருட்டில் அவன் 744-ல் ஏறிவிட்டான். வழி தவறியது பெரிய விஷயம் இல்லை, யாருக்கும் நடக்கும். கையில் மேப்பை டவுன்லோடு பண்ணி வைத்திருந்தும் அது ஏன் உதவவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. அந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால் ஆஃப்லைன் மேப் எப்படி வேலை செய்கிறது என்பது முழுக்க விளங்கிவிடும்.

மூன்று வேலைகள், மூன்று இடங்கள்

போனில் மேப் ஓடும்போது அது ஒரே வேலை மாதிரி தெரிகிறது. உள்ளே நடப்பது மூன்று. நான் எங்கே இருக்கிறேன் என்று கண்டுபிடிப்பது ஒன்று. அந்த இடத்தைச் சுற்றியுள்ள சாலைகளைத் திரையில் வரைவது இன்னொன்று. இங்கிருந்து அங்கே போக எந்தெந்தச் சாலை என்று கணக்குப் போடுவது மூன்றாவது.

முதல் வேலைக்கு டேட்டாவே வேண்டாம். சிம் கார்டு இல்லாத போனிலும் அது நடக்கும். பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுற்றிக்கொண்டே, “நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இது” என்று சொல்லிக்கொண்டே இருக்கின்றன. போன் அதைக் கேட்கிறது, அவ்வளவுதான். குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சத்தம் கேட்டுவிட்டால், ஒவ்வொன்றிலிருந்தும் சமிக்ஞை வந்துசேர எடுத்த நேரத்தை வைத்துத் தன் இடத்தைக் கணக்கிட்டுவிடும். ரேடியோவில் திருநெல்வேலி நிலையத்தைக் கேட்க யாருக்கும் காசு கட்டுவதில்லையே, அது மாதிரிதான். மச்சினன் போனில் புள்ளி நகர்ந்துகொண்டே இருந்ததற்கு இதுதான் காரணம். டேட்டா தீர்ந்தாலும் வானத்தில் சத்தம் தீரவில்லை.

இரண்டாவது வேலைக்குத்தான் டேட்டா. வழக்கமாக மேப் செயலி சாலைப் படத்தைத் துண்டு துண்டாக இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டே போகும். நாம் நகர நகர அடுத்த துண்டு வரும். அன்றைய டேட்டா தீர்ந்துவிட்டால் பல ரீசார்ஜ் திட்டங்களில் இணைப்பு முழுதாக நிற்காது, வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். மேலே கோபுரக் குறி முழுசாக நிற்கும், ஆனால் படம் வராது. ‘சிக்னல் இருக்கே, மேப் ஏன் வரல்லை’ என்று குழம்புவது இதனால்தான்.

மூன்றாவது வேலைதான் ஆளை ஏமாற்றுவது. சென்னையில் கிளம்பும்போது நெட் இருக்கும். வழியைப் போடுவோம், செயலி முழு வழியையும் ஒரு கோடாக வாங்கி வைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு நெட் போனாலும் அந்தக் கோட்டின் மேல் ஓடிக்கொண்டிருக்கும் வரை எல்லாம் நன்றாகவே நடக்கும். குரல் சொல்லும், அம்பு காட்டும். ‘நெட் இல்லாமலே மேப் வேலை செய்யுதே’ என்று நம்பிவிடுவோம். கோட்டை விட்டு ஒரு திருப்பம் தவறிய நொடியில்தான் குட்டு உடையும். இப்போது புது வழி கணக்கிட வேண்டும். அதற்குச் சுற்றுவட்டாரச் சாலைகள் எல்லாம் போனுக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் போன் இணையத்தைக் கேட்டுவிட்டுச் சும்மா காத்திருக்கும்.

ஆகவே ஆஃப்லைன் மேப் என்பது நேராகப் போகிறவனுக்காக உள்ளது அல்ல. வழி தவறியவனுக்காக உள்ளது. டவுன்லோடு பண்ணும்போது இதை நினைவில் வைத்தால் எந்த அளவுக்கு எடுக்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

மச்சினன் எடுத்தது என்ன, எடுத்திருக்க வேண்டியது என்ன

அவன் கூகுள் மேப்ஸில் ‘Tirunelveli’ என்று தேடி, வந்த இடத்தில் Download தட்டியிருக்கிறான். அப்படிச் செய்தால் செயலி அந்த ஊரைச் சுற்றி ஒரு சதுரத்தைக் காட்டும். அவன் அதை அப்படியே ஏற்றுக்கொண்டான். பாளையங்கோட்டையும் மேலப்பாளையமும் அதில் தெருத்தெருவாக இருந்தன. டி.கல்லுப்பட்டி இருக்கிற மதுரை மாவட்டத்துக்கும் அந்தச் சதுரத்துக்கும் சம்பந்தமே இல்லை. பெட்டிக்கு வெளியே போனால் மங்கலான ஒரு நிறமும் பெரிய ஊர்ப் பெயர் ஒன்றிரண்டும்தான் தெரியும். அதன் மேல் புள்ளி மட்டும் ஊர்ந்துகொண்டிருக்கும்.

அன்றைக்கு அவனைக் கரை சேர்த்தது சாதாரண போன் பேச்சு. டேட்டா தீர்ந்தாலும் பேச முடியுமே. “திரும்பி வராத மாப்ளே. அப்படியே ராஜபாளையம், சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி வந்துரு. அங்கிருந்து கடையம், ஆழ்வார்குறிச்சி, அம்பாசமுத்திரம்” என்று வரிசையாகச் சொன்னேன். அவன் மனைவி ஒரு பிஸ்கட் பாக்கெட் உறையில் எழுதிக்கொண்டாள். அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே போகிறவர்களுக்கு 744-ம் மோசமான வழியில்லை, இரண்டும் ஒரே மலையடிவாரத்தில்தான் கொண்டுவந்து விடும். அதைக் காட்ட அவன் போனில் படம் இல்லாததுதான் கோளாறு.

இந்த வருசம் அவனை உட்கார வைத்து எடுத்த முறையைச் சொல்கிறேன். வீட்டு வைஃபையில் கூகுள் மேப்ஸைத் திறந்து, மேலே வலது மூலையில் நம் படம் உள்ள வட்டத்தைத் தட்டினால் Offline maps என்று வரும். அதற்குள் Select your own map. இப்போது திரையில் ஒரு நீலச் சட்டம் நிற்கும். சட்டம் நகராது, அதற்கு அடியில் உள்ள மேப்பை விரலால் இழுத்தும் சுருக்கியும் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். எந்த அளவு எடுத்தால் போனில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதைச் சட்டத்துக்குக் கீழேயே எழுதிக் காட்டும். அளவுக்கு மேல் விரித்தால் எடுக்க விடாது.

சட்டத்தின் ஓரங்களை நாங்கள் இப்படி வைத்தோம். வடக்கே மதுரைக்கும் மேலே சமயநல்லூர் வரை. தெற்கே நாங்குநேரி, களக்காடு தாண்டி. கிழக்கே தூத்துக்குடி. மேற்கே செங்கோட்டையும் விட்டுப் போகாமல். அவன் போகப்போவது 44-ல், ஆனால் சட்டத்துக்குள் 744 முழுதும் இருக்கிறது, சங்கரன்கோவில் வழியாகக் குறுக்கே வரும் சாலை இருக்கிறது, தூத்துக்குடிக்குப் போகிற 138-ம் இருக்கிறது. எங்கே தவறினாலும் சட்டத்துக்குள்தான் தவறுவான். நெடுஞ்சாலையை ஒட்டி மட்டும் ஒல்லியாக ஒரு துண்டை எடுப்பவர்கள் இந்தப் பாதுகாப்பைத்தான் இழக்கிறார்கள்.

மதுரையிலிருந்து சென்னை வரைக்கும் இன்னொரு சட்டம். திருச்சி, விழுப்புரம் வழியாகப் போகிற சாலை அதற்குள் அடங்கிவிடும். இரண்டு சட்டங்களும் மதுரைப் பக்கம் ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறியிருக்கும்படி பார்த்துக்கொண்டோம். ஓலை வேய்கிறபோது ஒரு கீற்றின் மேல் அடுத்த கீற்றை ஏற்றிப் போடுவோமே, அது மாதிரி. நடுவில் இடைவெளி விழுந்தால் அந்த இடத்தில்தான் ஒழுகும்.

இறக்கிய மேப் என்றைக்கும் இருக்காது. Offline maps பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் கீழே காலாவதித் தேதி எழுதியிருக்கும். போன வருசம் எடுத்தது இந்த வருசமும் இருக்கும் என்று நம்பிக் கிளம்பாமல், முந்தின நாள் வைஃபையில் ஒரு தடவை Update தட்டிவிட வேண்டும்.

இன்னொரு செயலியையும் அவன் மனைவி போனில் போட்டுக் கொடுத்தேன், ஆர்கானிக் மேப்ஸ். இது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொதுத் தரவில் ஓடுவது. பொதுமக்கள் தாங்களே சாலைகளைப் பார்த்துப் பதிந்து சேர்த்த தரவு அது. இதில் சட்டம் வரைகிற வேலை இல்லை, மாநிலம் மாநிலமாக இறக்கிக்கொள்ளலாம். தமிழ்நாட்டை இறக்கிவிட்டால் சென்னையிலிருந்து செங்கோட்டை வரை முடிந்தது. செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு, புனலூர் பக்கம் போவதாக இருந்தால் கேரளத்தையும் இறக்க வேண்டும். இந்தச் செயலி வழியை எப்போதும் போனுக்குள்ளேயே கணக்கிடுவதால், நெட் இருக்கிற நாளும் இல்லாத நாளும் அதற்கு ஒன்றுதான். ஆனால் சில ஊர்களில் தெருக்கள் குறைவாகவே பதிவாகியிருக்கும். அதனால்தான் இரண்டையும் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

வீட்டிலேயே ஒரு ஒத்திகை

மேப்பை இறக்கிவிட்டோம் என்பதும் அது வேலை செய்கிறது என்பதும் ஒன்றல்ல. இதைச் சோதிக்க நெடுஞ்சாலைக்குப் போக வேண்டாம். போனை ஃபிளைட் மோடில் போட்டு, வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பார்த்து, லொகேஷன் மட்டும் ஆன் ஆக இருக்கட்டும். மேப் செயலியை முழுதாக மூடிவிட்டுத் திறக்க வேண்டும், இல்லையென்றால் முன்பே திறந்திருந்த படத்தையே காட்டி நம்மை ஏமாற்றும். இப்போது மதுரையைப் புறப்படும் இடமாகவும் அம்பாசமுத்திரத்தைச் சேரும் இடமாகவும் கொடுத்து, காருக்கான வழியைக் கேட்க வேண்டும். கோடு வந்தால் மேப் உள்ளே இருக்கிறது. வரவில்லையென்றால் இரண்டில் ஓர் ஊர் சட்டத்துக்கு வெளியே விழுந்திருக்கிறது. பிறகு சென்னையையும் மதுரையையும் கொடுத்து அடுத்த சட்டத்தைச் சோதிக்கலாம்.

கூகுள் மேப்ஸில் ஆஃப்லைனில் காருக்கு மட்டும்தான் வழி கிடைக்கும். நடக்கவும் பஸ்ஸுக்கும் கேட்டால் கிடைக்காது. மாற்று வழிகளையும் பக்கத்தில் காட்டாது. தானாக 44-ஐத் தேர்ந்தெடுத்துவிட்டால் 744-ஐப் பற்றி வாயே திறக்காது. நமக்கு வேண்டியது 744 என்றால் நேராக அம்பாசமுத்திரத்தைக் கொடுக்காமல், முதலில் ராஜபாளையம், அங்கே போனபின் தென்காசி, பிறகு அம்பாசமுத்திரம் என்று கட்டம் கட்டமாகக் கொடுக்க வேண்டும். சாயாக் கடையில் நிறுத்தும்போது அடுத்த கட்டத்தைப் போட்டுக்கொண்டால் போதும்.

சாலையில் போகும்போது எதை நம்புவது

முதலில் புள்ளி. அது நீல நிறத்தில் இருந்தால் இப்போதைய இடம். சாம்பல் நிறமாக மாறியிருந்தால் போனுக்கு இப்போது வானம் கேட்கவில்லை, கடைசியாகத் தெரிந்த இடத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். புள்ளியைச் சுற்றி வெளிர்நீல வட்டம் பெரிதாக விரிந்திருந்தால், ‘இந்த வட்டத்துக்குள் எங்கோ இருக்கிறாய்’ என்றுதான் அது சொல்கிறது. திருப்பத்தில் அந்த நேரம் புள்ளியை நம்பக் கூடாது.

நெட் இல்லாதபோது, அதுவும் போன் ரொம்ப நேரம் அணைந்து கிடந்து இப்போதுதான் திறக்கிறோம் என்றால், புள்ளி வர நேரமாகும். எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற குறிப்பை வழக்கமாகப் போன் இணையத்திலிருந்து நொடியில் வாங்கிக்கொள்கிறது. நெட் இல்லையென்றால் அந்தச் செயற்கைக்கோள் சொல்வதையே பொறுமையாகக் கேட்க வேண்டும். ஒவ்வொன்றும் தன் பாதைக் குறிப்பை 30 நொடிக்கு ஒரு முறை மெதுவாகத் திரும்பத் திரும்பச் சொல்லும். நடுவில் சத்தம் அறுந்தால் மறுபடி அடுத்த சுற்று. அதனால் காரை ஓட்டிக்கொண்டே தவிக்காமல், மேலே மரமோ கூரையோ இல்லாத ஓரத்தில் நிறுத்தி, போனைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்து இரண்டு மூன்று நிமிடம் விட்டால் புள்ளி வந்து உட்கார்ந்துவிடும்.

இரண்டாவது, பாலமும் சர்வீஸ் ரோடும். 44-ல் ஊர் வரும் இடத்திலெல்லாம் மேலே நெடுஞ்சாலை, பக்கத்தில் சர்வீஸ் ரோடு. இரண்டுக்கும் நடுவில் சில மீட்டர்தான். போன் கணக்கில் வருகிற பிழையும் அதே சில மீட்டர். ஆகவே நாம் சர்வீஸ் ரோட்டில் இறங்கிவிட்டோமா, மேலேயே போய்க்கொண்டிருக்கிறோமா என்பது அதற்கு நிச்சயமாகத் தெரியாது. நாம் பாலத்தின் மேல் பறந்துகொண்டிருப்போம், அது “இடதுபுறம் திரும்பவும்” என்று சொல்லும். மதுரையிலிருந்து வருகிறவர்கள் திருநெல்வேலி ஊருக்குள் இறங்கத் தாழையூத்துப் பக்கம் கவனமாக இருக்க வேண்டும். விட்டுவிட்டால் சாலை ஊரைச் சுற்றிக்கொண்டு பாளையங்கோட்டைப் பக்கம் கொண்டுபோய்விடும். அதனால் திருப்பத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்பே திரையில் பார்த்துக்கொண்டு, அதற்குப் பிறகு கண் சாலை ஓரத்துப் பச்சை போர்டில் இருக்க வேண்டும்.

மூன்றாவது எனக்கு ரொம்பப் பிடித்தது, மைல்கல். தேசிய நெடுஞ்சாலையின் கல்லுக்குத் தலை மஞ்சள், மாநில நெடுஞ்சாலைக்குப் பச்சை. திருமங்கலத்தில் பிரிகிற இரண்டுமே தேசிய நெடுஞ்சாலை என்பதால் இரண்டுக்கும் மஞ்சள் தலைதான், நிறம் உதவாது. எண்ணைப் படிக்க வேண்டும், 44-ஆ, 744-ஆ என்று. கல்லில் அடுத்த ஊர் பெயரும் இருக்கும். விருதுநகர் என்று இருந்தால் சரி, ஸ்ரீவில்லிபுத்தூர் என்று இருந்தால் மாறிவிட்டோம். அன்றைக்கு மச்சினன் ஒரே ஒரு கல்லைப் படித்திருந்தால் டி.கல்லுப்பட்டி வரை போயிருக்க மாட்டான். இந்த வருசம் பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு அந்த வேலையைக் கொடுத்துவிட்டோம்: ஒவ்வொரு பிரிவுக்குப் பிறகும் வருகிற முதல் கல்லைச் சத்தமாகப் படிக்க வேண்டும்.

ஆஃப்லைன் மேப்புக்கு இன்றைய சாலை நிலவரம் தெரியாது. நெரிசல் தெரியாது, அதனால் அது சொல்லும் நேரத்தோடு நாமே கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும். மூடிய சாலையும் தெரியாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் பக்கமெல்லாம் சாலைகள் அறுத்துக்கொண்டு போனபோதும், இறக்கி வைத்த மேப்பில் அந்தச் சாலைகள் முழுசாகத்தான் இருந்திருக்கும். மழைக்காலத்தில் தாமிரபரணிக் கரைச் சாலையில் போகிறவர்கள் முன்னால் வருகிற லாரிக்காரரை நிறுத்தி ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவதுதான் நல்லது. பாபநாசத்துக்கு மேலே காரையாறு போகிற வழியில் வனத்துறை கேட் இருக்கிறது. மேப் கோட்டைப் போட்டுவிடும், கேட் திறந்திருக்கிறதா என்பதை அது சொல்லாது.

பங்குனி வெயிலில் இன்னொன்று. முன் கண்ணாடியில் மாட்டி வைத்து, சார்ஜும் போட்டு, மேப்பும் ஓடினால் போன் கொதித்துவிடும். கொதித்தால் திரை மங்கும், சார்ஜ் ஏறுவது நிற்கும், கடைசியில் போனே அணைந்துவிடலாம். ஏசி காற்று வரும் இடத்தில் மாட்டினால் இந்தத் தொல்லை வராது.

கடைசி மூன்று கிலோமீட்டர்

நெடுஞ்சாலை முடிந்த பிறகுதான் சாஸ்தா கோயிலுக்குப் போகிறவர்களுக்கு உண்மையான சோதனை. பக்கத்துப் பக்கத்திலேயே இரண்டு மூன்று சாஸ்தா இருப்பார்கள், பெயரும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஆஃப்லைனில் பெயரைப் போட்டுத் தேடினால் சின்னக் கோயில்கள் பெரும்பாலும் கிடைக்காது. கிடைத்தாலும் அது வேறு ஆட்களின் சாஸ்தாவாக இருக்கலாம்.

இதற்கு இடத்தின் எண்ணை வைத்துக்கொள்வதுதான் வழி. போன வருசம் பொங்கல் வைத்து முடிந்தபின் கோயில் வாசலில் நின்று, மேப்பில் நீலப் புள்ளியின் மேலேயே விரலை அழுத்திப் பிடித்தேன். சிவப்புப் பின் ஒன்று விழுந்தது, கூடவே இரண்டு எண்கள். அம்பாசமுத்திரம் ஊருக்கு அந்த எண்கள் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

```
8.71, 77.45
```

முதல் எண் பூமத்திய ரேகையிலிருந்து வடக்கே எவ்வளவு தூரம் என்பது, இரண்டாவது கிழக்கு மேற்குக்கு. புள்ளிக்குப் பின்னால் இரண்டே இலக்கம் இருந்தால் ஒரு கிலோமீட்டர் முன்னே பின்னே இருக்கும். ஊரைக் கண்டுபிடிக்க அது போதும், கோயிலைக் கண்டுபிடிக்கப் போதாது. நான்கு இலக்கம் எழுதினால் பதினொரு மீட்டருக்குள் வந்துவிடும், அது கோயில் நடைவாசல் அளவு. அந்த நான்கு இலக்கத்தையும் எழுதித்தான் மச்சினனுக்கு அனுப்பினேன். அவன் வைஃபை இருக்கும்போதே அந்த எண்ணைத் தேடிப் பார்த்து, ஆர்கானிக் மேப்ஸில் அந்த இடத்தைப் புக்மார்க்காகச் சேமித்தான். அதில் புக்மார்க் போனுக்குள்ளேயே இருக்கும். குளத்தங்கரைக்கு வருகிற வண்டிப்பாதை மேப்பில் பதிவாகவில்லை. அதனால் கோடு கடைசி வீட்டோடு நின்றுவிடுகிறது, பின் மட்டும் வயலுக்கு அந்தப் பக்கம் தனியாக நிற்கிறது. அது பிழை இல்லை என்று அவனுக்கு முன்பே சொல்லி வைத்தேன். கடைசி வீட்டில் காரை நிறுத்தி, புள்ளியும் பின்னும் நெருங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே வரப்பில் நடந்தால், அரசமரம் தெரிந்துவிடும்.